"கட்டாயம் என்று ஒரு மெயில் போடுங்கள் சார்"

வீட்டுக்கடன் வாங்கப் போகிறவரிடம் வங்கி இன்ஷூரன்ஸ் பேச்சை எப்போது எடுக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். விண்ணப்பம் கொடுக்கிற நாளில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, சிபில் பார்ப்பது, வக்கீலின் லீகல் ஒபினியன், என்ஜினியரின் வேல்யுவேஷன் எல்லாம் முடியும்வரை எல்லாரும் சிரித்த முகம்தான். சாங்ஷன் லெட்டர் கைக்கு வரும். அதை நம்பி நாமும் வீட்டை விற்பவருக்கு அட்வான்ஸ் கொடுத்து, கிரய ஒப்பந்தம் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்கு நாளும் குறித்துவிடுவோம். அதற்கு நாலு நாள் முன்னால்தான் போன் வரும். "சார், இன்னும் ஒரே ஒரு ஃபார்ம் இருக்கு. லோன் இன்ஷூரன்ஸ். அதையும் போட்டுட்டா நாளைக்கே செக் ரெடி."

அந்த நேரத்தில் நம்மால் வேறு வங்கிக்குப் போக முடியாது. ஒப்பந்தக் கெடு தாண்டினால் அட்வான்ஸ் போய்விடும் என்ற பயம் வேறு. எதிரில் இருப்பவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

நான் சில வருடங்கள் ஒரு வங்கியின் கடன் பிரிவில் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அதனால் ஊழியர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. காலையில் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு கான்ஃபரன்ஸ் கால், இன்றைக்கு எத்தனை பாலிசி என்று கேட்கும். சாயங்காலம் இன்னொன்று, ஏன் ஆகவில்லை என்று கேட்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வங்கி ஊழியர்களுக்குப் பணமாகவோ பரிசாகவோ ஊக்கத்தொகை எதுவும் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் டார்கெட், டிரான்ஸ்ஃபர், வருடாந்தர மதிப்பீடு ஆகியவற்றை வைத்தே வேலை நடந்துவிடுகிறது. பரிசு எதற்கு?

அதே நெறிமுறையில், நமக்கு வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் இன்ஷூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரை வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. இன்ஷூரன்ஸ் விற்பனையை வங்கியின் வேறு எந்தச் சேவையோடும் முடிச்சுப் போடக் கூடாது. இன்ஷூரன்ஸ் வாங்குவது முழுக்க வாடிக்கையாளரின் விருப்பம், மற்ற சேவைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை விளம்பரத் தாள்களில் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். ஆக, மறுக்கலாமா கூடாதா என்பதில் சட்டப்படி சந்தேகமே கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது என்ன என்பதை என் சித்தி மகனின் கதையை வைத்துச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர்களெல்லாம் வேண்டாம், எங்கும் நடப்பதுதான்.

தம்பி கேட்டது 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன். 20 வருடம், 8.5 சதவீத வட்டி. சாங்ஷன் ஆகிவிட்டது. பதிவுக்கு முந்தின வாரம் கிளைக்கு வரச்சொல்லி, கையெழுத்துப் போட ஒரு கட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு இன்ஷூரன்ஸ் விண்ணப்பம், கடன் வாங்கியவர் இறந்தால் கடன் பாக்கிக்குப் பணம் தருகிற ஆயுள் காப்பு. பிரீமியம் 1,50,000 ரூபாய். "நீங்க கையிலேருந்து ஒரு பைசா கட்ட வேண்டாம் சார், லோன்லயே சேத்துடுவோம். ஈஎம்ஐ லேசாத்தான் ஏறும்" என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். தம்பி கையெழுத்துப் போடாமல் தாள்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி போன் செய்தான். "அண்ணா, இது கம்பல்சரின்னு சொல்றாங்க. போட்டுடவா?"

அந்த "லேசாக" எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டோம். 40 லட்சத்துக்கு 20 வருடம் 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 34,713 ரூபாய். ஒன்றரை லட்சத்தைச் சேர்த்து 41.5 லட்சமாக்கினால் 36,015. மாதம் 1,302 ரூபாய் கூடுகிறது. அதை 240 மாதத்தால் பெருக்கினால் 3,12,000 ரூபாயைத் தாண்டும். ஒன்றரை லட்சம் பிரீமியத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கட்டுகிறோம், ஏனென்றால் அந்தப் பிரீமியத்துக்கும் 20 வருடம் வட்டி ஓடுகிறது. கையிலிருந்து ஒரு பைசாகூட வேண்டாம் என்பதன் பொருள் இவ்வளவுதான்.

அடுத்து இன்னொரு தூண்டில். இன்ஷூரன்ஸ் எடுத்தால் வட்டியில் 0.05 சதவீதம் குறைத்துத் தருகிறோம் என்றார்களாம். கேட்கும்போது பரவாயில்லையே என்று தோன்றும். 40 லட்சத்துக்கு 8.45 சதவீதம் என்றால் தவணை 34,586 வரும். அதாவது மாதம் 127 ரூபாய் மிச்சம். 127 ரூபாய் மிச்சம் பிடிக்க 1,300 ரூபாய் செலவு. அந்த 1,300-க்கு ஆயுள் காப்பும் கிடைக்கிறதே என்று நியாயமாகக் கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் என்ன காப்பு என்று பார்க்க வேண்டும் இல்லையா?

போட்டோவில் இருந்த தாளைப் பெரிதாக்கிப் படித்தேன். கடன் 20 வருடம். காப்புக் காலம் 10 வருடம். 11-வது வருடம் தம்பிக்கு ஏதாவது ஆனால் கம்பெனி ஒன்றும் தராது. காப்புத் தொகையும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும் வகை. கடன் பாக்கி குறைகிற மாதிரி இதுவும் ஒரு அட்டவணைப்படி குறையும். கடன் கணவன் மனைவி இருவர் பெயரிலும், காப்பு தம்பி ஒருவனுக்கு மட்டும். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவன் மனைவியின் சம்பளத்தில் நடக்கிறது, அவளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. இந்த மூன்றில் ஒன்றையாவது அதிகாரி சொன்னாரா என்று கேட்டேன். "லோனுக்கு ஃபுல் சேஃப்டின்னுதான் சொன்னார்" என்றான்.

உடல்நல உறுதிமொழிப் பக்கம் அதைவிட மோசம். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று பென்சிலால் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள், நாம் பேனாவால் மேலே எழுதினால் போதும். தம்பி நாலு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வருடத்தில் அவனுக்கு ஏதாவது நேர்ந்தால், உண்மையை மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி கிளெய்மை நிராகரிக்கலாம். இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி மூன்று வருடம் தாண்டிய பாலிசியைக் கேள்வி கேட்க முடியாதுதான். ஆனால் அந்த மூன்று வருடமும் பிரீமியம் கட்டியும் காப்பு இல்லாத மாதிரிதான். டிக் அடித்தவர் அதற்குள் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டின் கடைசியில் ஒரு சம்மதக் கடிதம் இருந்தது. "இந்த இன்ஷூரன்ஸ் பாலிசியை முழுவதும் என் சொந்த விருப்பத்தின் பேரில் எடுக்கிறேன். கடன் பெறுவதற்கு இது நிபந்தனை அல்ல என்று எனக்கு விளக்கப்பட்டது" என்ற பொருளில் நாலு வரி, கீழே கையெழுத்துக்கு இடம். கட்டாயம் என்று வாயால் சொல்லிவிட்டு, கட்டாயம் இல்லை என்று நம்மிடமே எழுதி வாங்குகிறார்கள்! ரிசர்வ் வங்கி கேட்டால் காட்ட அந்தத் தாள் ஃபைலில் பத்திரமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து "என்னைக் கட்டாயப்படுத்தினார்கள்" என்று நாம் புகார் கொடுத்தால், வங்கி அந்த நாலு வரியை எடுத்து நீட்டும். நம்மிடம் என்ன இருக்கும்? அதிகாரி சொன்ன வார்த்தை மட்டும், அதுவும் காற்றில் போனது.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது ஒன்றுதான். சண்டை போடாதே, சட்டம் பேசாதே. "இன்ஷூரன்ஸ் இல்லாமல் கடன் வழங்க முடியாது என்று ஒரு வரி மெயில் போடுங்கள் சார், வீட்டில் காட்டி முடிவு பண்ணுகிறேன்" என்று மட்டும் கேள். அவர்கள் போட மாட்டார்கள், போடவும் முடியாது. போட்டால் அது நேராக ரிசர்வ் வங்கியின் நெறிமுறையை மீறியதற்குச் சாட்சி. போடவில்லை என்றால் நீயே ஒரு மெயில் போடு.

அவன் மறுநாள் காலையில் கேட்டான். அதிகாரி, "மெயில் எல்லாம் எதுக்கு சார், நம்மளுக்குள்ள" என்று சிரித்திருக்கிறார். அப்புறம் மேனேஜர் வந்து, "கட்டாயம்னு யாரும் சொல்லல, உங்க குடும்பத்தோட நல்லதுக்குத்தான் சொன்னோம்" என்றிருக்கிறார். பத்து நிமிடத்தில் கட்டாயம் நல்லெண்ணமாக மாறிவிட்டது. ஆனாலும் கடன் தொகை எப்போது வரும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. சிஸ்டத்தில் போட வேண்டும், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று இழுத்தார்கள். அங்கேயே உட்கார்ந்து தம்பி இந்த மெயிலைக் கிளைக்கும், நகலை வங்கியின் குறைதீர் பிரிவுக்கும் அனுப்பினான்:

"என் வீட்டுக்கடன் சாங்ஷன் கடிதத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் நிபந்தனையாகக் குறிப்பிடப்படவில்லை. இன்று கிளையில் கொடுக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தை நான் ஏற்கவில்லை. அதற்கான பிரீமியத்தைக் கடன் தொகையில் சேர்க்கவோ என் கணக்கில் பற்று வைக்கவோ எனக்குச் சம்மதம் இல்லை. கடனை 40 லட்சம் ரூபாய்க்கு மட்டும் வழங்கவும். இந்தக் காரணத்தால் கடன் வழங்குவது தாமதமானால் அதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். பத்திரப்பதிவு தேதி இது."

கீழே தேதி, கடன் கணக்கு எண். அவ்வளவுதான். கோபமான சொல் ஒன்றும் இல்லை, பெரிய சட்டப் பிரிவும் இல்லை. அன்று சாயங்காலமே 40 லட்சத்துக்குப் புதிய தாள்கள் தயாராகி, பதிவு குறித்த நாளில் நடந்தது. எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சில கிளைகளில் இரண்டு மூன்று நாள் இழுத்தடிப்பார்கள். அதனால்தான் இந்தப் பேச்சைப் பதிவு நாளுக்கு முந்தின வாரத்துக்கு விடாமல், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்வது நல்லது.

முன்னாலேயே முடிக்க இப்போது ஒரு வசதி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் வீட்டுக்கடன் உட்பட தனிநபர்கள் வாங்கும் எல்லாக் கடன்களுக்கும், சிறு தொழில் கடன்களுக்கும், கேஎஃப்எஸ் என்று வங்கிக்காரர்கள் சொல்லும் முக்கிய விவரத் தாளை வங்கி கொடுத்தே ஆக வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேட்கலாம், தயங்க வேண்டாம். வட்டி மட்டும் இல்லாமல் பிராசஸிங் கட்டணம், வக்கீல் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். மூன்றாம் தரப்புக்காக வங்கி வசூலிக்கிற இன்ஷூரன்ஸ் பிரீமியமும் அந்தச் சதவீதத்தில் சேர வேண்டும், தனியாகவும் காட்ட வேண்டும். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. யோசிக்க நமக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. அதற்குள் நாம் ஒப்புக்கொண்டால் அந்தத் தாளில் உள்ளபடியே வங்கி கடன் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே சாங்ஷன் வந்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இன்ஷூரன்ஸ் என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அதையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொகை இருந்தால் அப்போதே வேண்டாம் என்று எழுதிவிட்டுத் தாளை மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் வேறு வங்கிக்குப் போகிற வழி இன்னும் திறந்திருக்கும், அது அவர்களுக்கும் தெரியும். பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

எல்லா இன்ஷூரன்ஸையும் ஒரே கூடையில் போட்டு மறுத்துவிடவும் வேண்டாம். அடமானமாக இருக்கிற கட்டடத்துக்குத் தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை இருக்கலாம். அது நியாயமானதும்கூட, வங்கியின் பிணையே அந்தக் கட்டடம்தானே. ஆனால் அதையும் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது நம் விருப்பம். வெளியில் எடுத்து, வங்கியின் உரிமையை பாலிசியில் குறிக்கச் சொல்லி, நகலைக் கொடுத்தால் போதும். இதில் இன்னொரு சின்னத் தந்திரம் நடக்கும். கடன் தொகை முழுவதற்கும் காப்பு எடுக்க வைப்பார்கள். அடுக்குமாடி வீட்டின் விலையில் கணிசமான பங்கு மனையின் விலை. மனை தீயில் எரியாது. கட்டடத்தை மறுபடி கட்ட என்ன செலவாகுமோ அதற்குத்தான் காப்பு வேண்டும். நஷ்டம் வந்தால் கம்பெனியும் அதற்கு மேல் தராது.

ஆயுள் காப்பைப் பொறுத்தவரை, வீட்டுக்கடன் உள்ளவர் அது இல்லாமல் இருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. வங்கி சொல்கிற காரணம் சரி, விற்கிற பொருள்தான் சரியில்லை. டெர்ம் பாலிசி என்பது சேமிப்பு எதுவும் கலக்காமல் ஆயுள் காப்பு மட்டும் தருவது. தனியாக அப்படி ஒன்று எடுத்தால் காப்புத் தொகை குறையாது. பிரீமியத்தை வருடா வருடம் கட்டலாம். கடனை முன்கூட்டியே அடைத்தாலும் வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி நம்முடனே இருக்கும். வங்கிக்கு உண்மையிலேயே பாதுகாப்புதான் முக்கியம் என்றால், அந்த பாலிசியை வங்கியின் பெயருக்கு அசைன் செய்து, அதாவது அதன் உரிமையை எழுதி மாற்றித் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது, இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 38-வது பிரிவு. "என்னிடம் ஏற்கனவே டெர்ம் பாலிசி இருக்கிறது, அசைன் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதுகாப்புக்காகக் கேட்டவர் சரி என்பார். டார்கெட்டுக்காகக் கேட்டவர் பேச்சை மாற்றுவார்.

சந்தை முதலீடும் இன்ஷூரன்ஸும் கலந்த யூலிப், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி, கிரெடிட் கார்டு என்று கடனோடு வேறு ஏதாவது நீட்டினால் அதற்கு விளக்கமே வேண்டாம். கடனுக்கும் அவற்றுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் ஐந்து உரிமைகள் இருக்கின்றன. அதில் ஒன்று, வாடிக்கையாளரின் தேவைக்கும் நிலைமைக்கும் பொருந்துகிற பொருளைத்தான் விற்க வேண்டும் என்பது. கடனுக்கு வந்தவர் தலையில் பத்து வருட யூலிப்பைக் கட்டுவது எந்தத் தேவைக்குப் பொருந்தும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டெபாசிட் பக்கம் நடப்பது வேறு மாதிரி. அங்கே மிரட்டல் கிடையாது, பாசம்தான். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 6 லட்சம் ரூபாய் டெபாசிட் முதிர்ந்ததைப் புதுப்பிக்கப் போனார். "அம்மா, இந்த ரேட்டுக்கு மறுபடி போடறீங்களா? உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் ஸ்கீம் இருக்கு" என்று உள்ளே உட்காரவைத்து, காபி வரவழைத்து, இரண்டு லட்சத்தை அதில் போட வைத்தார்கள். மூன்று வருடத்தில் டெபாசிட்டைவிட அதிகம் கிடைக்கும் என்று பேச்சு. வீட்டுக்கு பாலிசிப் புத்தகம் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வருடம் இரண்டு லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டிய ஆயுள் இன்ஷூரன்ஸ் அது. ஓய்வூதியம் வாங்குகிறவர் 20 லட்சத்துக்கு எங்கே போவார்?

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தச் சரிபார்ப்பு அழைப்பு. பாலிசி கொடுப்பதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாடிக்கையாளரை அழைத்து, "இது இன்ஷூரன்ஸ், டெபாசிட் அல்ல என்று தெரியுமா? எத்தனை வருடம் கட்ட வேண்டும் என்று சொன்னார்களா?" என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்யும். நம்மைக் காப்பாற்றவே வைத்த அழைப்பு அது. கிளையில் முன்கூட்டியே, "ஒரு போன் வரும்மா, என்ன கேட்டாலும் எஸ் எஸ்னு சொல்லிடுங்க, இல்லேன்னா ப்ராசஸ் நின்னுடும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இவரும் நல்ல மாணவியாக எல்லாவற்றுக்கும் எஸ் சொல்லிவிட்டார். வீட்டுக்கடனில் அந்த நாலு வரிச் சம்மதக் கடிதம் என்ன வேலை செய்கிறதோ, இங்கே அந்தக் குரல் பதிவு அதே வேலையைச் செய்கிறது. எதற்கும் எஸ் சொல்லுங்கள் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே எழுந்து வந்துவிடலாம். அழைப்பு வந்தால் கேள்வியை முழுதாகக் கேட்டு, "இல்லை, டெபாசிட் என்றுதான் சொன்னார்கள்" என்று பதிவாகும்படி சொல்லுங்கள். பாலிசி அங்கேயே நிற்கும்.

ஆசிரியைக்கு வழி இருந்தது. ஆயுள் பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். ஃப்ரீ லுக் காலம் என்பார்கள். முன்பு நேரில் வாங்கியதற்கு 15 நாளாக இருந்தது, 2024-ல் எல்லாருக்கும் 30 நாளாகிவிட்டது. முத்திரைத் தீர்வை, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, காப்பு இருந்த சில நாட்களுக்கான பங்கு ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். யூலிப் என்றால் அன்றைய யூனிட் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அதுவும் கணக்கில் வரும்.

இதில் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. பலரும் பாலிசியை எடுத்துக்கொண்டு விற்ற கிளைக்கே போகிறார்கள். "வச்சிட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்", "மேனேஜர் லீவு", "அடுத்த வாரம் கட்டாயம் அனுப்பிடறோம்" என்று 30 நாளும் ஓடிவிடும். கிளைக்குப் போகவே வேண்டாம். பாலிசியில் உள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு நேராக எழுதுங்கள்: பாலிசி எண், கைக்கு வந்த தேதி, டெபாசிட் என்று சொல்லி விற்றார்கள் என்ற காரணம், ஃப்ரீ லுக்கில் ரத்து செய்கிறேன் என்ற வாக்கியம், பணம் திரும்ப வேண்டிய வங்கிக் கணக்கு, ரத்து செய்த காசோலையின் படம். ஆசிரியை 19-வது நாளில் அனுப்பினார். உடனே கிளையிலிருந்து நாலைந்து போன், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்று. இவர் அசரவில்லை. சொற்பத் தொகை கழிந்து மீதி கணக்குக்கு வந்துவிட்டது.

30 நாள் தாண்டிவிட்டால் பாதை நீளம். வங்கி மீதான புகாரை முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து புகார் எண் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். பாலிசி பற்றிய புகார் தனி வழி: முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி, அப்புறம் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். இரண்டையும் குழப்பி ஒன்றில் கொடுத்தால், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், மாதங்கள் வீணாகும்.

கடனோடு சேர்ந்து வந்த பாலிசியைப் பலர் ஏற்கனவே எடுத்திருப்பீர்கள். உங்களிடம் இருப்பது தனி பாலிசியாக இல்லாமல், வங்கியின் பெயரில் உள்ள குரூப் பாலிசியின் கீழ் ஒரு சான்றிதழாக இருக்கலாம். ரத்து செய்யும் காலமும் விதியும் அந்தச் சான்றிதழில்தான் இருக்கும், தேடிப் படியுங்கள். காலம் இருக்கிறது, ரத்து செய்கிறீர்கள் என்றால், பணம் திரும்பியதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிரீமியம் கடனாகப் போனது. திரும்பி வருகிற பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுந்தால், அந்த ஒன்றரை லட்சத்துக்கு வட்டி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கடனின் அசலில் வரவு வைத்து, தவணையைக் குறைத்து, புதிய தவணை அட்டவணை தரும்படி வங்கிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். அட்டவணை வந்ததும் முதல் வரியில் அசல் பாக்கி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.